ஈயத்தை அயனில் வைக்காதீர்கள்

(மட்டக்களப்பில் ஒரு கல்லூரியின் இலத்திரனியல் கழகச் செயலாளர், முதலாம் வருட மாணவர்களைச் சோல்டரிங் பட்டறைக்கு அழைத்து ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும். விரிவுரையாளர்களுக்கும், கழகத்தின் மூத்த அண்ணாமார் அக்காமாருக்கும், புதிதாக வந்திருக்கும் தம்பிமார் தங்கச்சிமாருக்கும் என் அன்பு.

விஷயத்துக்கு வருகிறேன். வருகிற சனிக்கிழமை காலை எட்டரை மணிக்கு நமது இலத்திரனியல் ஆய்வுகூடத்தில் கழகம் ஒரு பட்டறை நடத்துகிறது. வருகிற ஒவ்வொருவரும் தன் கையால் ஒரு சுற்றை ஈயம் வைத்துக் கட்டி, அது வேலை செய்வதைப் பார்த்து, வீட்டுக்குக் கொண்டு போகலாம். உயர்தரத்தில் பௌதிகவியல் படித்தவர்கள் இருக்கிறீர்கள், தொழினுட்பப் பிரிவில் இருந்து வந்தவர்கள் இருக்கிறீர்கள், இரண்டும் இல்லாமல் வந்தவர்களும் இருக்கிறீர்கள். திரான்சிஸ்டர் கேள்விக்குத் தாளில் விடை எழுதிய பலர் அதைக் கையில் பிடித்துப் பார்த்திருக்க மாட்டீர்கள். அதனால் சனிக்கிழமை எல்லோரும் ஒரே இடத்திலிருந்துதான் தொடங்கப் போகிறோம்.

நாம் கட்டப்போவது ஒரு தண்ணீர் மணி. இரண்டு கம்பி முனைகள் இருக்கும். தண்ணீர் ஏறி வந்து அந்த இரண்டையும் தொட்டால் ஒரு சிவப்பு விளக்கு எரியும், பஸ்ஸர் கத்தும். இதை ஏன் தெரிவு செய்தோம் என்று உங்களுக்கு நான் அதிகம் விளக்கத் தேவையில்லை. நம் ஊரில் கிணற்றில் இருந்து மோட்டர் போட்டு மேல் தாங்கிக்குத் தண்ணீர் ஏற்றுகிற வீடுகள்தான் கூடுதல். தாங்கி நிறைந்து வழிகிற சத்தம் கேட்ட பிறகுதான் ஆள் ஓடிப்போய் மோட்டரை நிறுத்துவார். அப்புறம் மாரி வந்தால், கார்த்திகையும் மார்கழியும் வாசல்படி வரைக்கும் வெள்ளம் நிற்கிற ஊர்களில் இருந்து வருகிறவர்கள் உங்களில் பலர். இரவில் வெள்ளம் இரண்டாவது படியைத் தொட்டதும் ஒரு மணி அடித்தால், நிலத்தில் கிடக்கும் புத்தகங்களையாவது மேலே தூக்கி வைக்கலாம்.

சரி, சுற்றைப் பற்றிப் பிறகு வருகிறேன். முதலில் ஒரே ஒரு இணைப்பைப் பற்றிப் பேச வேண்டும். இந்தச் சுற்றில் இருபதுக்கு மேற்பட்ட ஈய இணைப்புகள் வரும். அவற்றில் ஒன்று பிழைத்தாலும் மணி அடிக்காது. சுற்றுப்படத்தைத் தவறாக வாசித்ததால் நின்றுபோன பலகைகளை விட, படம் சரியாக இருந்தும் இணைப்பு பிடிக்காமல் நின்றுபோன பலகைகளைத்தான் எங்கள் மேசைகளில் அதிகம் பார்த்திருக்கிறோம். ஆகவே இந்த ஒன்றை இன்றைக்கே மனதில் வாங்கிக்கொண்டு வாருங்கள்.

நாங்கள் பயன்படுத்துகிற ஈயக்கம்பி 0.8 மில்லிமீற்றர் தடிப்பு. அதில் 60 பங்கு வெள்ளீயம், 40 பங்கு காரீயம். இது 183 பாகை செல்சியஸில் இளகத் தொடங்கி, 190 பாகை அளவில் முழுதாகத் திரவமாகிவிடும். செம்பு உருகுவதற்கோ ஆயிரம் பாகைக்கு மேல் வேண்டும். அதாவது ஈயம் வைக்கும்போது செம்பு உருகுவதே இல்லை. உருகிய ஈயம் சுத்தமான, சூடான செம்பின் மேல் பரவுகிறது. பரவிய இடத்தில் வெள்ளீயமும் செம்பும் சேர்ந்து மிக மெல்லிய ஒரு கலப்புப் படலம் உண்டாகிறது. அந்தப் படலம்தான் இணைப்பு. அது உண்டாகாவிட்டால், பார்க்க எவ்வளவு பெரிய ஈயக் கட்டி இருந்தாலும் அது சும்மா ஒட்டிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

அந்தப் படலம் உண்டாக இரண்டு நிபந்தனைகள் உண்டு. ஒன்று, செம்பே ஈயம் உருகுகிற அளவுக்குச் சூடாக இருக்க வேண்டும். இரண்டு, செம்பின் மேல் ஒட்சைட்டுப் படலம் இருக்கக்கூடாது. இரண்டாவதைப் பார்த்துக்கொள்வதற்காகத்தான் ஈயக்கம்பியின் நடுவில் ரோசின் என்கிற பைன் மரப் பிசின் ஓடுகிறது. கம்பியை வெட்டிப் பார்த்தால் நடுவில் சின்ன ஓட்டை மாதிரித் தெரியும், அதற்குள் இருப்பது அதுதான். சூடு பட்டதும் ஈயத்துக்கு முன்னமே அது இளகி ஓடி, செம்பின் மேலுள்ள ஒட்சைட்டைக் கரைத்து, ஈயத்துக்கு வழி விடுகிறது.

ஈயத்தை உருக்குகிற சோல்டரிங் அயனை முதல் தடவை பிடிக்கிறவர் கிட்டத்தட்ட எல்லோரும் செய்கிற காரியம் ஒன்று இருக்கிறது. அயனின் நுனியில் ஈயத்தை உருக்கி ஒரு சொட்டு எடுத்து, அதைக் கொண்டுபோய் இணைப்பின் மேல் பூசுவார்கள். பூச்சு வேலை மாதிரி. இதில் இரண்டு நிபந்தனையும் கெட்டுவிடுகிறது. சொட்டு நுனியில் நிற்கிற நேரத்திலேயே ரோசின் புகையாகப் போய்விடும். செம்பும் குளிராகவே இருக்கும். குளிர்ந்த செம்பில் விழுந்த ஈயம் தாமரை இலைத் தண்ணீர் போல உருண்டு நிற்கும்.

சரியான முறை இப்படி. அயனின் நுனியைப் பலகையின் செம்பு வட்டமும் உதிரியின் காலும் சேருகிற மூலையில் வையுங்கள், இரண்டையும் ஒரே நேரத்தில் தொடுகிற மாதிரி. ஒரு வினாடி பொறுங்கள். பிறகு ஈயக்கம்பியை அயனில் வைக்காமல், காலின் மற்றப் பக்கத்தில், செம்பில் வையுங்கள். செம்பு போதுமான சூட்டில் இருந்தால் ஈயம் தானாக உருகி, சூடு இருக்கும் பக்கம் இழுபட்டு, காலைச் சுற்றி ஓடிவிடும். அந்தக் கணத்தைப் பார்க்கப் பழகுங்கள், கண்ணுக்கு நன்றாகத் தெரியும். ஒன்றிரண்டு மில்லிமீற்றர் கம்பி உள்ளே போனால் போதும். முதலில் ஈயக்கம்பியை எடுங்கள், அப்புறம் அயனை எடுங்கள். மாறி எடுத்தால் கம்பி இணைப்பில் ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். எல்லாம் சேர்த்து மூன்று வினாடி, மிஞ்சினால் நான்கு.

எடுத்த பிறகு இன்னும் இரண்டு மூன்று வினாடி உதிரியை அசைக்கக் கூடாது. ஊதவும் கூடாது. ஈயம் உறைகிற நேரத்தில் கால் அசைந்தால் உள்ளே வெடிப்பு விழும். வெளியே அது மங்கலாக, மணல் மணலாகத் தெரியும். நல்ல இணைப்பு பளபளப்பாக இருக்கும், அடியில் விரிந்து மேலே காலைப் பிடித்துக்கொண்டு ஏறும், பக்கங்கள் உள்நோக்கி வளைந்திருக்கும். வெளிநோக்கிப் புடைத்து உருண்டையாக இருந்தால் சந்தேகப்படுங்கள். காலைச் சுற்றி ஒரு மெல்லிய கருப்பு வளையம் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம், அங்கே ஈயம் காலைப் பிடிக்கவில்லை. பிழைத்த இணைப்புக்கு மேலும் ஈயம் சேர்ப்பது வைத்தியமல்ல. அயனை வைத்துத் திரும்பச் சூடாக்கி, புதுக் கம்பியில் ஒரு சின்னத் துண்டு கொடுங்கள். அதில் தேவைப்படுவது ஈயத்தை விட அதற்குள் இருக்கும் ரோசின்தான்.

அயனைப் பற்றியும் ஒரு வார்த்தை. நுனியின் வெப்பநிலையை 320, 330 பாகை அளவில் வைப்போம். 190 பாகையில் உருகுகிறதற்கு ஏன் இவ்வளவு என்று கேட்பீர்கள். நுனி செம்பைத் தொட்டதும் சூடு செம்புக்குப் போய் நுனி குளிர்கிறது. அந்த இழப்பைத் தாங்கிக்கொண்டு மூன்று வினாடிக்குள் வேலையை முடிக்கத்தான் இந்த மேலதிகம். நுனி கறுத்துப் போனால் எவ்வளவு சூடாக இருந்தாலும் பயனில்லை. அந்தக் கறுப்பு ஒட்சைட்டு சூட்டைக் கடத்தாது. ஈயம் நுனியில் ஒட்டாமல் உருண்டு விழுவதை வைத்தே அதைக் கண்டுபிடிக்கலாம். ஆகவே ஒவ்வொரு சில இணைப்புக்கும் ஒருமுறை ஈரப் பஞ்சில் துடைத்து, உடனே நுனியில் கொஞ்சம் புது ஈயம் பூசி வையுங்கள். வேலை முடிந்து அயனை நிறுத்தும்போதும் நுனியில் ஈயத்தோடு விடுங்கள். அரத்தால் உரசிச் சுத்தம் செய்ய வேண்டாம். நுனியின் செம்புக்கு மேல் மெல்லிய இரும்புப் பூச்சு இருக்கிறது, அது போனால் நுனியும் போய்விடும்.

சூடு பிடிக்கவில்லை என்று பத்துப் பன்னிரண்டு வினாடி அழுத்திப் பிடிக்கிறவர்களும் உண்டு. நாம் பாவிக்கிற மண்ணிறப் பலகை மலிவான பலகை. செம்பு வட்டம் அதில் பசையால் ஒட்டப்பட்டிருக்கிறது. நீண்ட நேரச் சூட்டில் பசை விட்டு வட்டம் கழன்று வரும். நான்கு வினாடியில் பிடிக்காவிட்டால் எடுத்துவிடுங்கள், ஆற விடுங்கள், ஏன் பிடிக்கவில்லை என்று பாருங்கள். பெரும்பாலும் நுனி கறுத்திருக்கும், அல்லது கால் பழசாகி மங்கியிருக்கும். காலை ஒருமுறை மெல்லச் சுரண்டிவிட்டால் பிடிக்கும்.

இனிச் சுற்றுக்கு வருவோம். தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும் என்று எல்லோருக்கும் தெரியும், ஆனால் எவ்வளவு என்பதில்தான் விஷயம் இருக்கிறது. நம் கரையோரக் கிணற்றுத் தண்ணீரில் உப்புகள் கரைந்திருக்கின்றன, வாவிக்குக் கிட்டப் போகப் போக இன்னும் கூடுதல். அதில் இரண்டு கம்பி முனைகளை ஒரு விரல் இடைவெளியில் வைத்தால் தடை சில பத்தாயிரம் ஓம் அளவில் இருக்கும். ஒரு கணக்குக்கு 50,000 ஓம் என்று வைப்போம். கூரையில் இருந்து நேரே பிடித்த மழைத் தண்ணீரில் உப்பு மிகக் குறைவு. அதில் தடை பல மடங்கு ஏறிவிடும், 10 இலட்சம் ஓம் என்று வைப்போம். முனைகளின் அளவு, இடைவெளி, தண்ணீர் எல்லாவற்றையும் பொறுத்து இந்த எண்கள் மாறும், ஆனால் வித்தியாசம் இந்த மாதிரிப் பெரியதுதான்.

நம் பற்றரி 9 வோல்ற். திரான்சிஸ்டருக்குப் பேஸ், கலெக்டர், எமிட்டர் என்று மூன்று கால்கள். பேஸுக்குள் போகிற சின்ன மின்னோட்டம், கலெக்டரில் இருந்து எமிட்டருக்கு அதைப் போலப் பல மடங்கு ஓட்டத்தைத் திறந்துவிடும், அந்த மடங்குதான் பெருக்கம். ஒரு பீ.சி. 547 திரான்சிஸ்டர் மட்டும் போட்டால் என்ன நடக்கும் என்று பார்ப்போம். தண்ணீர் வழியாக வரும் சின்ன மின்னோட்டம் 10,000 ஓம் காப்புத் தடை ஒன்றைக் கடந்து திரான்சிஸ்டரின் பேஸுக்குப் போகிறது. பேஸுக்கும் எமிட்டருக்கும் இடையில் 0.7 வோல்ற் விழும், மிச்சம் 8.3 வோல்ற். கிணற்றுத் தண்ணீரில் மொத்தத் தடை 60,000 ஓம் என்றால் பேஸ் மின்னோட்டம் சுமார் 0.14 மில்லி அம்பியர். திரான்சிஸ்டரின் பெருக்கம் 200 என்று எடுத்தால் 28 மில்லி அம்பியர் ஓடவிடலாம். விளக்குக்கு ஒரு 9, பஸ்ஸருக்கு ஒரு 10, மொத்தம் 20க்குள்தான் தேவை. மணி அடிக்கும், பிரச்சினை இல்லை.

இப்போது மழைத் தண்ணீர். 8.3 வோல்ற்றை 10 இலட்சத்துப் பத்தாயிரம் ஓமால் வகுத்தால் 8 மைக்ரோ அம்பியர். அதை 200ஆல் பெருக்கினால் 1.6 மில்லி அம்பியர். விளக்கு மங்கலாக மினுங்கும், பஸ்ஸர் வாய் திறக்காது. மழைத் தண்ணீருக்காகவே வாசலில் வைத்த மணி, மழைத் தண்ணீரில் அடிக்காது என்றால் அதனால் என்ன பயன்?

அதனால்தான் நாம் இரண்டு திரான்சிஸ்டர் போடுகிறோம். முதலாவதின் எமிட்டரை இரண்டாவதின் பேஸில் கொடுக்கிறோம், இரண்டின் கலெக்டர்களையும் சேர்த்துவிடுகிறோம். இதற்கு டார்லிங்டன் இணைப்பு என்று பெயர், 1953இல் பெல் ஆய்வுகூடத்தில் சிட்னி டார்லிங்டன் கண்டுபிடித்தது. இப்போது பெருக்கம் 200 தர 200, அதாவது 40,000. 7, 8 மைக்ரோ அம்பியரே தாராளம். இரண்டு பேஸ்-எமிட்டர் சந்திகள் தொடராக வருவதால் முதலாவது பேஸில் 0.7க்குப் பதில் 1.3 வோல்ற் அளவு நிற்கும். இந்த 1.3ஐ ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிழை தேடும்போது உதவும்.

இவ்வளவு கூர்மையான காது வைத்தால் அதற்கொரு விலையும் உண்டு. தேவையில்லாததும் அதற்குக் கேட்கும். மாரி மாதத்தில் நம் ஊர்க் காற்றில் இருக்கிற ஈரப்பதன் உங்களுக்குத் தெரியும். பலகையின் மேல் படிகிற ஈரம், கை வியர்வை, இவை வழியாகவும் ஒன்றிரண்டு மைக்ரோ அம்பியர் கசியலாம். அது மணியை அடிக்க வைக்காமல் இருக்க, முதலாவது பேஸில் இருந்து கீழே 0 வோல்ற்றுக்கு ஒரு 10 இலட்சம் ஓம் தடை வைக்கிறோம். 1.3 வோல்ற் வரும்வரை திரான்சிஸ்டர்கள் திறக்காது, அந்த அளவுக்கு வர இந்தத் தடையே 1.3 மைக்ரோ அம்பியரைக் குடித்துவிடும். அதற்குக் குறைந்த கசிவெல்லாம் அதன் வழியாகவே போய்விடும். இன்னும் கசிந்தால் 2 இலட்சத்து 20 ஆயிரம் ஓம் போடலாம், அது 6 மைக்ரோ அம்பியர் வரை குடிக்கும். ஆனால் அப்போது நம் மழைத் தண்ணீரின் 7.6 மைக்ரோ அம்பியருக்கும் அதற்கும் இடையில் கொஞ்ச இடைவெளிதான் மிச்சம். எங்கே வைக்கப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்து நீங்களே தீர்மானிக்க வேண்டிய விஷயம் இது. கிணற்றுத் தண்ணீர்த் தாங்கிக்கு இரண்டாவது நல்லது, வாசல்படிக்கு முதலாவது.

கட்டும் ஒழுங்கைச் சுருக்கமாகச் சொல்கிறேன். படுக்கையாகக் கிடக்கும் றெசிஸ்டர்களை முதலில், உயரமான பஸ்ஸரைக் கடைசியில். விளக்கின் நீளமான கால் நேர்ப்பக்கம். பஸ்ஸரிலும் நேர்ப்பக்கக் குறி இருக்கும். திரான்சிஸ்டரில்தான் கவனம் வேண்டும். பீ.சி. 547இன் தட்டையான முகத்தை உங்கள் பக்கம் திருப்பி, கால்கள் கீழே பார்க்கப் பிடித்தால், இடமிருந்து வலமாகக் கலெக்டர், பேஸ், எமிட்டர். கடையில் அது இல்லையென்று 2என் 3904 தந்தால், அதே வடிவம்தான், ஆனால் எமிட்டர், பேஸ், கலெக்டர் என்று வரும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். முதுகில் அச்சடித்த எண்ணை வாசித்த பிறகுதான் பலகையில் குத்த வேண்டும்.

இனிப் பிழை தேடுவது. சென்ற பட்டறையில் வாகரைப் பக்கத்துத் தங்கச்சி ஒருவர் கட்டிய பலகையைச் சொல்கிறேன். மிக நேர்த்தியான வேலை. றெசிஸ்டர்களின் நிற வளையங்கள்கூட ஒரே திசையில் பார்த்துக்கொண்டிருந்தன. பற்றரி கொடுத்து, இரண்டு முனைகளையும் தண்ணீர்க் கோப்பையில் வைத்தால், சத்தமே இல்லை. அவர் உடனே எல்லா இணைப்பையும் திரும்பச் சூடாக்கப் போனார். நாங்கள் வேண்டாம் என்று மறித்து, மல்டிமீற்றரைக் கையில் கொடுத்தோம். எல்லாவற்றையும் திரும்பச் சூடாக்கினால் சில வேளை சரியாகும், ஆனால் எது பிழைத்தது என்று கடைசி வரை தெரியாது. சரியாக இருந்த இணைப்பையும் கெடுத்துவிடலாம்.

மீற்றரின் கருப்பு முனை பற்றரியின் எதிர்ப்பக்கத்தில். சிவப்பு முனையால் முதலில் பற்றரியின் நேர்ப்பக்கத்தைத் தொட்டார், 9.1 வோல்ற். பற்றரி சரி. தண்ணீரில் முனைகள் இருக்கும்போதே முதலாவது பேஸைத் தொட்டார். எவ்வளவு இருக்க வேண்டும்? 1.3. இருந்தது கிட்டத்தட்ட 9. இங்கே நின்று யோசிக்க வேண்டும். 0 இருந்திருந்தால், தண்ணீரில் இருந்து பேஸுக்கு மின் வந்து சேரவில்லை என்று அர்த்தம், பிழை மேலே. 9 இருப்பதால் மின் வந்து சேர்ந்துவிட்டது, ஆனால் கீழே இறங்கிப் போக வழியில்லை. ஓட்டம் இல்லாவிட்டால் தடையில் வோல்ற் விழாது, அதனால் பற்றரியின் முழு வோல்ற்றும் அங்கேயே தேங்கி நிற்கிறது. ஆகவே பிழை பேஸுக்கும் 0 வோல்ற்றுக்கும் இடையில் எங்கோ. அந்தப் பாதையில் இருப்பது இரண்டு எமிட்டர்கள்தான்.

அடுத்து இரண்டாவது திரான்சிஸ்டரின் எமிட்டர். அது நேரே எதிர்ப்பக்கத்தோடு சேர்கிறது, ஆகவே 0 காட்ட வேண்டும். அவர் பலகையின் கீழ்ப்பக்கம் ஈயக் கட்டியின் மேல் முனையை வைத்தார், 0. சரியாகத்தான் இருக்கிறது என்றார். பலகையைத் திருப்பி, மேல்பக்கத்தில் காலையே தொடச் சொன்னோம். 7 வோல்ற்றுக்கு மேல் காட்டியது. ஒரே இணைப்பு, ஈயத்தில் 0, காலில் 7. ஈயத்துக்கும் காலுக்கும் இடையில் தொடுப்பில்லை. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தபோது காலைச் சுற்றி அந்தக் கருப்பு வளையம் இருந்தது. ஈயம் செம்பு வட்டத்தை நன்றாகப் பிடித்திருந்தது, அயன் வட்டத்தை மட்டும் தொட்டுக் காலைத் தொடாமல் நின்றிருக்கிறது. அந்த ஒரு இணைப்பை மட்டும் திரும்பச் செய்தார். பஸ்ஸர் கத்தியதும் பக்கத்து மேசையெல்லாம் திரும்பிப் பார்த்தது.

இதை நான் இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம், மீற்றரை எங்கே வைக்கிறீர்கள் என்பதுதான் பலருக்குப் பிழைக்கிறது. ஈயத்தில் வைத்து அளந்தால் ஈயத்தைத்தான் அளக்கிறீர்கள். உதிரிக்கு வந்து சேர்ந்ததா என்று அறிய உதிரியின் காலில் வைக்க வேண்டும்.

எதிர்மாறான பிழையும் வரும். தண்ணீரே இல்லாமல் விளக்கு மங்கலாக எரிந்துகொண்டிருக்கும். அப்படியென்றால் முனைகளின் கம்பியைக் கழற்றிப் பாருங்கள். விளக்கு அணைந்தால் கசிவு முனைகளிலோ கம்பியிலோ இருக்கிறது. அணையாவிட்டால் பலகையில். பலகையில் என்றால் முதலில் இரண்டு வட்டங்களுக்கிடையே ஈயம் பாலம் போட்டிருக்கிறதா என்று வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். அதுவும் இல்லையென்றால் மிச்சம் பிசின் அழுக்கு. ஐசோப்ரோப்பைல் அல்ககோல் தொட்ட பழைய பல் துலக்கியால் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காய விட்டால் பெரும்பாலும் சரியாகும்.

இந்த இடத்தில் ஒரு கண்டிப்பான வேண்டுகோள். குழாய் வேலைக்கும் தகர வேலைக்கும் விற்கிற பேஸ்ட் ஒன்று கடைகளில் இருக்கிறது. வீட்டில் இருக்கிறது என்று சிலர் கொண்டு வருவீர்கள், அதைப் பூசினால் ஈயம் அழகாகவும் ஓடும். ஆனால் அதில் அமிலத்தன்மை உண்டு. ஓடி முடிந்த பிறகும் அது அங்கேயே இருந்து, நம் ஊர் ஈரத்தை இழுத்துக்கொண்டு, மின்னைக் கசியவிடும், சில மாதத்தில் காலையும் செம்பையும் பச்சை பிடிக்கத் தின்றுவிடும். 40,000 மடங்கு பெருக்குகிற நம் சுற்றுக்கு இது சரிப்படவே மாட்டாது. கம்பிக்குள் இருக்கும் ரோசின் போதும்.

இந்த மணிக்கு எல்லைகளும் உண்டு, அதையும் தெரிந்துகொண்டே கட்டுங்கள். முனைகள் தண்ணீரில் இருக்கும் நேரம் முழுதும் ஒரே திசையில் மின் ஓடுவதால் நேர்ப்பக்க முனை மெல்ல மெல்லக் கரையும். செம்புக் கம்பியை முனையாக விட்டால் பச்சை பிடிக்கும், ஆகவே துருப்பிடிக்காத உருக்கில் செய்த ஆணிகள் தருகிறோம். அவற்றில் ஈயம் பிடிப்பது கடினம், கம்பியை முறுக்காணி போட்டு இறுக்கிக்கொள்வோம். முனைகளுக்கிடையே பாசியோ உப்போ படிந்தால் தண்ணீர் இறங்கிய பிறகும் மணி அடித்துக்கொண்டிருக்கும், இடைக்கிடை துடைக்க வேண்டும். தண்ணீர் தொடாத நேரத்தில் சுற்று ஏறக்குறைய மின்னே எடுக்காது என்பதால் பற்றரி நீண்ட காலம் வரும், ஆனாலும் மாரி தொடங்க முன் ஒருமுறை ஈர விரலால் இரண்டு முனைகளையும் தொட்டுச் சோதித்துவிடுங்கள். இன்னொன்று, இது அடிக்கிறதா என்று பார்த்துக்கொண்டு வெள்ள அறிவித்தல்களைக் கேட்காமல் இருந்துவிட வேண்டாம். தண்ணீர் உங்கள் படிக்கு வந்த பிறகுதான் இதற்குத் தெரியும்.

தாங்கி நிறைந்ததும் மோட்டரையே நிறுத்துகிற மாதிரிச் செய்யலாமா என்று ஒவ்வொரு முறையும் யாராவது கேட்பீர்கள். செய்யலாம், ரிலே போட்டுச் செய்கிறார்கள். ஆனால் மோட்டருக்குப் போவது 230 வோல்ற். முதல் தடவையாக ஈயம் பிடிக்கிறவர் கை வைக்க வேண்டிய இடம் அதுவல்ல. இந்தப் பட்டறையில் பலகைக்குள் 9 வோல்ற்றுக்கு மேல் எதுவும் வராது. 230 வோல்ற் இருப்பது அயனின் வயரில் மட்டும், அதனால் அயனின் நுனி அதன் வயரிலேயே பட்டு உறை உருகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அயனை அதற்கான ஸ்டாண்டில் வையுங்கள், மேசையில் கிடத்த வேண்டாம். விழுந்தால் பிடிக்கப் பாயாதீர்கள், விழ விடுங்கள். கை சுட்டுவிட்டால் உடனே ஓடுகிற குளிர்ந்த தண்ணீரில் 20 நிமிடம் பிடிக்க வேண்டும், பற்பசை பூச வேண்டாம்.

புகையைப் பற்றிப் பலர் பயப்படுகிறீர்கள். இந்தச் சூட்டில் காரீயம் ஆவியாகி மூக்குக்குள் வருவதில்லை. வருகிற புகை ரோசின் எரிகிற புகை, ஆனால் அதுவும் நல்லதல்ல, சுவாசக் குழாயை எரிச்சலூட்டும். தொய்வு வருத்தம் உள்ளவர்கள் முன்கூட்டியே சொல்லுங்கள், யன்னலோர மேசை தருவோம். காரீயம் வருகிற வழி கை. ஈயக்கம்பி பிடித்த விரலால் பணிஸ் சாப்பிட்டால் அது வயிற்றுக்குப் போகும். அதனால் தேநீர் மேசை வெளியே தாழ்வாரத்தில்தான் இருக்கும், சவர்க்காரம் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் அங்கே போக வேண்டும். ஈயக்கம்பியைப் பல்லில் கடித்துப் பிடிக்கிற பழக்கம் யாருக்கும் வேண்டவே வேண்டாம்.

கட்டணம் இல்லை. உதிரிகள், பலகை, பற்றரி எல்லாம் கழகம் தருகிறது. றெசிஸ்டர்களும் திரான்சிஸ்டர்களும் கொழும்பு முதலாம் குறுக்குத்தெருவில் இருந்து மொத்தமாக வாங்கி வந்துவிட்டோம். அயன்கள் எல்லோருக்கும் ஒவ்வொன்றாக இல்லை, இருவருக்கு ஒன்று. ஒருவர் ஈயம் வைக்கும்போது மற்றவர் அடுத்த உதிரியின் கால்களை வளைத்துத் தயார் செய்வார், பிறகு மாறிக்கொள்வீர்கள். முதல் ஒரு மணித்தியாலம் சுற்றைத் தொடவே மாட்டோம். பழைய பலகைத் துண்டில் வெறும் கம்பிகளை வைத்து இணைப்பு மட்டும்தான். ஒவ்வொருவரும் வரிசையாகப் பத்து நல்ல இணைப்பு காட்டிய பிறகுதான் உதிரிப் பை கைக்கு வரும். இது கொஞ்சம் கடுமையாகத் தெரியலாம், ஆனால் அந்த ஒரு மணித்தியாலத்தைக் கடந்து வந்தவர்களின் பலகைகள் முதல் தடவையிலேயே அடிப்பதைப் பார்த்திருக்கிறோம்.

செருப்பில்லாமல் வராதீர்கள், முடிந்தால் மூடிய சப்பாத்து. உருகிய ஈயம் காலில் சொட்டும். நீண்ட தலைமுடியைக் கட்டிக்கொள்ளுங்கள், ஷோல், பர்தா அணிகிறவர்கள் தொங்கும் நுனியைக் குத்திக்கொள்ளுங்கள். இலகுவில் உருகுகிற நைலோன் துணியை விடப் பருத்தித் துணி நல்லது. கால்களை வெட்டும்போது துண்டு கண்ணுக்குத் தெறிக்கும், பாதுகாப்புக் கண்ணாடி நாங்கள் தருவோம். வீட்டில் ஓடாமல் கிடக்கிற பழைய றேடியோ ஏதும் இருந்தால், பற்றரியில் ஓடுகிறதாக இருந்தால் மட்டும், கொண்டு வாருங்கள். பின்னேரம் அதன் பலகையில் ஈய இணைப்புகளைப் பார்த்து, எது தளர்ந்திருக்கிறது என்று தேடிப் பழகலாம்.

கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கம் இருந்து பஸ்ஸில் வருகிறவர்களும், படுவான்கரையில் இருந்து வருகிறவர்களும் எட்டரைக்கு வந்து சேர முடியாது என்று சொன்னீர்கள். ஒன்பதரைக்கு இரண்டாவது குழு தொடங்கும், பெயர் பதியும்போது எந்தக் குழு என்று எழுதிவிடுங்கள். பெயர்ப் பட்டியல் ஆய்வுகூடக் கதவில் ஒட்டியிருக்கிறது, வியாழக்கிழமை மாலை நான்கு மணிக்கு எடுத்துவிடுவோம், உதிரிப் பைகளைக் கட்ட எங்களுக்கு ஒரு நாள் வேண்டும்.

மேசையில் இரண்டு பலகைகள் வைத்திருக்கிறேன். இரண்டும் ஒரே சுற்று. ஒன்று அடிக்கும், மற்றது அடிக்காது, வேண்டுமென்றே ஒரு இணைப்பைப் பிழையாகச் செய்திருக்கிறோம். பக்கத்தில் மீற்றரும் ஒரு கோப்பைத் தண்ணீரும் இருக்கிறது. கூட்டம் முடிந்து போகிற வழியில் யாராவது தேடிப் பாருங்கள். முதலில் பேஸைத் தொடுங்கள்.